இயர்பட்ஸ் வாங்கியாச்சு, ஆப் போட்டாச்சா?

வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்குகிற பலரும் டப்பாவைப் பிரித்து, போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து, பெயர் வந்ததும் தொட்டு இணைத்து, பாட்டு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தோடு சரி. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் அந்த நிறுவனத்தின் ஆப் பெயரோ க்யூஆர் கோடோ இருக்கும். அந்தத் தாள் டப்பாவோடு பரணுக்குப் போய்விடும். பாட்டுதான் கேட்கிறதே, ஆப் எதற்கு என்று கேட்டால் இரண்டு காரணங்கள் சொல்வேன். இயர்பட்ஸின் ஒலியை உங்கள் காதுக்கு ஏற்றபடி திருத்துகிற ஈக்வலைசர் அந்த ஆப்பில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: இயர்பட்ஸுக்குள் ஓடுகிற மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரியவந்தால், அதை அடைக்கப் பெரும்பாலான மாடல்களுக்கு அந்த ஆப்பை விட்டால் வேறு வழி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, இயர்பட்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பட்ஸிலும் ஒரு சிறு ஸ்பீக்கர், மைக், பேட்டரி, இவற்றோடு ஒரு சிப் இருக்கிறது. போனிலிருந்து காற்றில் வருகிற தகவலை ஒலியாக மாற்றுவது, வெளிச்சத்தத்தைக் குறைப்பது, தட்டினால் பாட்டை நிறுத்துவது என எல்லாம் அந்தச் சிப்பின் வேலை. சிப் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். போனில் நாம் போடும் ஆப் ஒரு ரிமோட் போலத்தான். நீங்கள் ஆப்பில் ஈக்வலைசரை மாற்றினால், பெரும்பாலான மாடல்களில் அந்த மாற்றம் பட்ஸின் சிப்பிலேயே பதிந்துவிடும். போனைத் தூர வைத்துவிட்டு அதே பட்ஸை லேப்டாப்பிலோ டிவியிலோ இணைத்துக் கேட்டாலும் நீங்கள் வைத்த ஒலியே வரும். உங்கள் மாடலும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள அதுவே நல்ல சோதனை. வித்தியாசம் பளிச்சென்று தெரியும்படி பேஸ் முழுவதையும் இறக்கிவிட்டு, வேறு கருவியில் இணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈக்வலைசர் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. பட்ஸின் ஆப்பில் ஒன்று, போனின் சவுண்ட் செட்டிங்ஸில் டால்பி மாதிரியான பெயரில் இன்னொன்று, ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டு ஆப்பில் மூன்றாவது என்று இருக்கலாம். மூன்றிலும் பேஸைக் கூட்டி வைத்திருந்தால் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். ‘ஆப்பில் எதை மாற்றினாலும் சத்தம் இரைச்சலாகவே இருக்கு’ என்று சொல்பவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் பல நேரம் காரணம் இதுதான். போனிலும் பாட்டு ஆப்பிலும் உள்ளதை அணைத்துவிட்டு, பட்ஸின் ஆப்பில் மட்டும் திருத்துவது நல்லது.

ஆப்பைப் போடும்போது சிலருக்குத் தயக்கம் வருவதும் நியாயம்தான். பாட்டு கேட்கிற கருவி எதற்கு நான் இருக்கும் இடத்தைக் கேட்கிறது? ஆண்ட்ராய்டு 11 வரையான போன்களில், பக்கத்திலுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேட வேண்டுமானால் லொகேஷன் அனுமதி தேவை என்பது ஆண்ட்ராய்டின் விதி. ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கென ‘Nearby devices’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. அதனால் புதிய போன் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் கொடுத்துவிட்டு, லொகேஷனை மறுத்துப் பார்க்கலாம். ஈக்வலைசரும் அப்டேட்டும் வேலை செய்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆப்பை ப்ளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த பெரிய கம்பெனி பட்ஸை அந்தக் கம்பெனியின் ஆப் கண்டுகொள்ளவே இல்லை என்றால், அது போலி என்று சந்தேகிக்கலாம்.

ஈக்வலைசரைத் தொடும் முன் பார்க்க வேண்டியது பட்ஸின் முனையில் இருக்கும் ரப்பர். டப்பாவில் பெரும்பாலும் மூன்று அளவுகளில் தந்திருப்பார்கள். நாம் ஏற்கெனவே மாட்டியிருந்த நடு அளவிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம். ரப்பருக்கும் காதுத் துளைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான். அப்படிக் கசிந்த பேஸை ஈக்வலைசரில் கூட்டி ஈடுகட்ட முடியாது. கூட்டக் கூட்ட ஸ்பீக்கர் திணறுமே தவிர காதுக்கு வந்து சேராது. பாட்டு ஓடும்போது பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். சட்டென்று பேஸ் கூடினால் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் நடு அளவு, மறுபக்கம் பெரியது என்று மாட்டிக்கொள்வதில் தவறே இல்லை. சில ஆப்களில் இதைச் சோதிப்பதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஒரு சிறு இசைத் துணுக்கை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் மைக்கால் கேட்டு, பொருந்துகிறதா இல்லையா என்று சொல்லிவிடும்.

இனி ஈக்வலைசர். திறந்ததும் ‘பேஸ் பூஸ்ட்’, ‘வோக்கல்’ என்று தயார் நிலையில் சில தேர்வுகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே ‘கஸ்டம்’ என்ற இடத்தில் மேலும் கீழும் நகர்த்தும் பட்டைகள் வரிசையாக இருக்கும். எத்தனை பட்டைகள் என்பது ஆப்புக்கு ஆப் மாறும். சோனியின் பல மாடல்களில் 400 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை ஐந்து பட்டைகளும், பேஸுக்குத் தனியாக ‘கிளியர் பேஸ்’ என்ற ஒன்றும் உண்டு. வேறு சிலவற்றில் எட்டு, பத்து என்று இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. எண் சிறிதாக இருந்தால் கனத்த ஒலி, பெரிதாக இருந்தால் கூர்மையான ஒலி. ஓர் எண் இரட்டித்தால் சுருதியில் ஒரு ஸ்தாயி மேலே போகிறது. கீழ் சட்ஜம் 200 என்றால் மேல் சட்ஜம் 400.

பட்டைகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு என் பெரியப்பாவுக்குச் செய்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். பழைய சினிமா பாட்டும் யூடியூபில் பட்டிமன்றமும் அவருடைய பொழுதுகள். மகன் வாங்கித் தந்த பட்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. “தபேலாவும் கிட்டாரும்தான்டா திம்மு திம்முனு கேக்குது. பாட்டு வரி எங்கடா போச்சு?” என்றார். அவருடைய ஆப்பில் எட்டுப் பட்டைகள் இருந்தன: 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800. ரப்பர் இரண்டு காதிலும் சரியாகவே பொருந்தியிருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டை, அவர் வழக்கமாக வைக்கும் அளவில் ஓடவிட்டேன். அளவை ஏற்றி வைத்துத் திருத்தினால் பயன் இல்லை. சத்தம் குறையும்போது நம் காதுக்குப் பேஸ் இன்னும் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதால், பெரிய சத்தத்தில் வைத்த ஈக்வலைசர் சின்னச் சத்தத்தில் சப்பென்று ஆகிவிடும்.

எல்லாப் பட்டைகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, முதலில் 200-ஐ மூன்று டெசிபல் இறக்கினேன். பட்ஸ்களில் ‘மூடிக்கொண்ட மாதிரி’ கேட்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் தேவைக்கு மேல் இருக்கும் கனம். ஆண் குரலின் நெஞ்சொலியும் கிட்டாரின் உடம்பும் தபேலாவின் எதிரொலியும் நெருக்கியடிக்கும் இடம் அது. அதைக் குறைத்ததுமே பாடகரின் குரல் தனியாக முன்னே வந்தது. 100-ஐ இரண்டு டெசிபல் இறக்கினேன். அடி இருந்தது, இடி போயிற்று. அடுத்து 3,200-ஐ இரண்டு டெசிபல் ஏற்றினேன். நாம் பேசும் சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் க, ட, த, ப போன்ற மெய்யொலிகளின் தெளிவு பெரிதும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைச் சார்ந்தது. வயதாக ஆக நம் காது முதலில் இழப்பது மேல் அதிர்வெண்களைத்தான். அதனால் முதியவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்றம் நன்றாகவே தெரியும். “இப்ப வரி விழுது” என்றார். ஆனால் ஸ, ச வரும் இடங்களில் சீறல் சற்றுக் கூடியது. 6,400-ஐ ஒரு டெசிபல் குறைத்ததும் அது அடங்கியது. 400, 800, 1,600, 12,800 நான்கையும் தொடவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஏற்றியதைவிட இறக்கியதே அதிகம் என்பது. இப்போது வருகிற பாடல்கள் பெரும்பாலும் டிஜிட்டலில் தாங்கக்கூடிய உச்சச் சத்தத்துக்கு மிக அருகில் பதிவு செய்யப்படுகின்றன. அதற்கு மேல் நீங்கள் ஆறு டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாததால் அலையின் தலை வெட்டுப்பட்டு, உரத்த இடங்களில் கரகரப்பாகக் கேட்கும். சில ஆப்கள் இதைத் தவிர்க்க மொத்தச் சத்தத்தையே குறைத்துவிடுகின்றன. பேஸைக் கூட்டியதும் பாட்டே மெலிந்துவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகிற ஓர் இடத்தை ஓடவிட்டுக் கேட்டால் கரகரப்பு இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். வேண்டாததைக் குறைத்துவிட்டு, மொத்தச் சத்தத்தைப் போனில் ஒரு படி கூட்டிக்கொள்வது எப்போதும் பாதுகாப்பு. பழைய அமைப்பையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடும்போதும் அந்த ஒரு படியைக் கூட்டிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பது எதுவோ அதையே நம் காது ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடும்.

பட்டிமன்றத்துக்கு இதே அமைப்பில் 100-ஐ மட்டும் ஐந்து டெசிபல் வரை இறக்கி, வேறு பெயரில் சேமித்துக் கொடுத்தேன். அரங்கத்து மைக்கின் குமுக்கம் குறைந்தது. இரண்டு பெயர்களுக்கிடையே மாற்றிக்கொள்ள அவரே பழகிவிட்டார்.

ஈக்வலைசரால் ஆகாதவை எவை என்றும் தெரிந்திருக்க வேண்டும். போனில் நீங்கள் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால், ஈக்வலைசரில் என்ன செய்தும் பயன் இல்லை. அது நீங்கள் கேட்பதை மட்டுமே மாற்றும். அழைப்பு வந்ததும் பாட்டின் தரம் சட்டென்று விழுவதும் ஈக்வலைசர் கோளாறு அல்ல. மைக் தேவைப்படும்போது ப்ளூடூத் வழக்கமாக அழைப்புக்கான வேறொரு முறைக்கு மாறுகிறது. இன்று பரவலாக உள்ள அந்த முறையில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. பல மாடல்களில் அழைப்பின்போது ஈக்வலைசரே ஒதுங்கிக்கொள்ளும். பட்டைகள் மங்கிப்போய் நகர மறுத்தால், ஆப்பில் வேறு ஏதாவது ஒலி வசதி ஆன் செய்யப்பட்டிருக்கலாம். சில மாடல்களில் இரண்டும் சேர்ந்து ஓடாது. இன்னொன்று: ஒருவருக்குப் பேச்சு புரிய 3,200-ஐக் கடைசி வரை ஏற்ற வேண்டியிருந்தால், அவருக்கு வேண்டியது ஈக்வலைசர் இல்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி ஃபர்ம்வேருக்கு வருவோம். பாட்டுக் கருவிக்கு அப்டேட் எதற்கு என்பவர்களுக்கு 2026 ஜனவரியில் வெளியான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கே.யு. லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘விஸ்பர்பேர்’ என்று பெயரிட்டு ஒரு பாதுகாப்புக் குறையை வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனின் அருகே பட்ஸ் டப்பாவைத் திறந்ததும் திரையில் தானாக ‘இணைக்கவா’ என்று கேட்குமே, அது கூகுளின் ஃபாஸ்ட் பேர் என்ற ஏற்பாடு. விதிப்படி, இணைவதற்கான நிலையில் நாம் வைக்காதபோது வரும் அழைப்பை பட்ஸ் பொருட்படுத்தவே கூடாது. ஆனால் பல மாடல்களின் ஃபர்ம்வேர் அதைச் சரிபார்க்காமல் விட்டிருந்தது. அதனால் பத்து, பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் ஓர் அந்நியர் சில வினாடிகளில் உங்கள் பட்ஸோடு தன் கருவியை இணைத்துவிட முடியும். அதன் மைக் வழியே உங்களைச் சுற்றி நடப்பதைக் கேட்கவும் முடியும். சோனி, ஜேபிஎல், ஜாப்ரா, மார்ஷல், ஷாவ்மி, நத்திங், ஒன்பிளஸ், கூகுள் என்று பெரிய பெயர்களின் மாடல்கள் பல அந்தப் பட்டியலில் இருந்தன.

ஐபோன் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் குறை இருந்தது போனில் அல்ல, பட்ஸில். சொல்லப்போனால், ஆண்ட்ராய்டு போனோடு ஒருமுறைகூட இணைக்கப்படாத சில மாடல்களில் ஆபத்து இன்னும் அதிகம். ஊடுருவியவர் அந்தப் பட்ஸைத் தன் கணக்கில் பதிந்துகொண்டு, அதை வைத்திருப்பவர் எங்கெல்லாம் போகிறார் என்று கூகுளின் தேடும் வசதி மூலம் பின்தொடரலாம். போனை அப்டேட் செய்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. பட்ஸை ரீசெட் செய்தாலும் அதே பழைய ஃபர்ம்வேர்தான் இருக்கும் என்பதால் ஓட்டையும் அப்படியே இருக்கும். நிறுவனம் தருகிற புதிய ஃபர்ம்வேர் ஏறினால்தான் உண்டு. ஆப்பையே போடாதவருக்கு அப்படி ஒன்று வந்திருப்பதே தெரியாது. ஏர்பாட்ஸ் மட்டும் இதில் தனி வகை. அதற்குத் தனி ஆப் இல்லை. ஐபோனின் அருகே டப்பாவில் சார்ஜ் ஏறும்போது தானாகவே அப்டேட் ஆகிவிடும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இது. ஆப்பில் உங்கள் பட்ஸின் பக்கத்தைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் ‘Firmware Update’ என்றோ ‘Software Update’ என்றோ இருப்பதைத் தேடுங்கள். இப்போது உள்ள பதிப்பின் எண்ணும், புதியது இருந்தால் அதன் எண்ணும் அங்கே தெரியும். தொடங்கும் முன் இரண்டு பட்ஸிலும் டப்பாவிலும் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல ஆப்கள் தொடங்கவே விடா. லேப்டாப்போ டிவியோ அதே பட்ஸோடு இணைந்திருந்தால் துண்டித்துவிடுங்கள். பட்ஸை டப்பாவில் வைத்து மூடியைத் திறந்தே வைக்கும்படி சில மாடல்கள் கேட்கும், வெளியே எடுத்து வைக்கும்படி சில கேட்கும். இதில் ஊகம் வேண்டாம், திரையில் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

பிறகு பொறுமை வேண்டும். சில எம்பி அளவுள்ள கோப்புக்கு ஏன் பத்து நிமிடம், அரை மணி நேரம் ஆகிறது என்று தோன்றும். நெட்டிலிருந்து போனுக்கு அது நொடியில் வந்துவிடுகிறது. போனிலிருந்து பட்ஸுக்குப் போகும் ப்ளூடூத் பாதைதான் குறுகலானது; அதிலும் இரண்டு பட்ஸுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தக் கட்டத்தில் இணைப்பு அறுந்தால் பொதுவாகப் பெரிய சேதம் இல்லை. பல சிப்களில் புதிய பதிப்பு பழையதை அழிக்காமல் நினைவகத்தின் வேறொரு பகுதியில் எழுதப்பட்டு, முழுமையாக வந்ததா என்று சரிபார்த்த பிறகே பயன்பாட்டுக்கு வரும். ஆபத்தான நேரம் அதற்கு அடுத்தது: மாற்றும் வேலை முடிந்து பட்ஸ் அணைந்து மறுபடி எழும் அந்தச் சில நிமிடங்கள். அப்போது மூடியை மூடுவதும், பட்ஸை எடுத்துப் பார்ப்பதும், ஆப்பைத் தள்ளி மூடுவதும் கூடாது. அழைப்பு வந்தாலும் எடுக்காமல் விடுவதே நல்லது. பேட்டரி சேமிப்பு ஆன் ஆகியிருக்கும் போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்பை நிறுத்திவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டு, திரையில் ஆப் திறந்தே இருக்கும்படி விடுங்கள்.

கோளாறு வந்தால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வடிவில்தான் வரும்: ஒரு பட்ஸ் புதிய பதிப்புக்குப் போயிருக்கும், மற்றது பழையதிலேயே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பாடுவது, இரண்டும் தனித்தனிக் கருவிகளாகப் பெயர் காட்டுவது, ஆப்பில் ஒன்று தெரியவே மறுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். உடனே கடைக்கு ஓட வேண்டாம். போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து பட்ஸை நீக்குங்கள். இரண்டையும் டப்பாவில் வைத்து, கையேட்டில் சொன்ன முறைப்படி ரீசெட் செய்து, மறுபடி இணைத்து, அப்டேட்டை மீண்டும் ஓட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். ரீசெட் செய்தால் நீங்கள் வைத்த ஈக்வலைசர் அழிந்துவிடலாம் என்பதால், அந்தப் பக்கத்தை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்டேட்டுக்குப் பின் ஒலி மாறிவிட்டதாகத் தோன்றினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டைகள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டனவா என்பதையே.

பெரும்பாலான நிறுவனங்கள் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப வழி தருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் காலையில் இன்டர்வியூ இருக்கும்போது முந்தைய இரவில் அப்டேட் போடாதீர்கள். புது வசதி ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிற அப்டேட் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, மற்றவர்களுக்குச் சிக்கல் ஏதும் வரவில்லை என்று பார்த்துப் போடலாம். பாதுகாப்பு பற்றிய திருத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம். வெறுமனே ‘நிலைத்தன்மை மேம்பாடு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. பட்ஸ் வாங்குகிறவருக்கு என்ன திருத்தினார்கள் என்று தெளிவாகச் சொல்வது அவர்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

வீட்டில் யாரிடமெல்லாம் இயர்பட்ஸ் இருக்கிறதோ, அவர்கள் எல்லோருடைய ஆப்பிலும் அந்த ஃபர்ம்வேர் பக்கத்தை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். விஸ்பர்பேர் பட்டியலில் உங்கள் மாடல் இருந்து, அதற்கான திருத்தம் வந்திருந்தால் அன்றே ஏற்றிவிடுங்கள். உங்கள் பட்ஸுக்கு ஆப்பே இல்லை என்றால் அதன் ஃபர்ம்வேரை நீங்கள் புதுப்பிக்க வழி இல்லை. அடுத்த முறை வாங்கும்போது விலைக்கு முன்னால் அதைக் கேளுங்கள்.